காருக்குப் போகும் யூனிட் எந்த ஸ்லாபில் விழுகிறது?

மின்சாரக் கார் வாங்கப் போகிறவருக்கு ஷோரூமில் சொல்லப்படும் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஒரு யூனிட்டில் ஏழு கிலோமீட்டர் ஓடும், வீட்டில் ஒரு யூனிட் ஐந்து ரூபாய்க்குள் வரும், ஆகவே கிலோமீட்டருக்கு எழுபது பைசா. பெட்ரோல் காருக்கு ஏழெட்டு ரூபாய் கொடுத்துப் பழகியவருக்கு இது கேட்க இனிமையாக இருக்கும். கார் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து முதல் ஈபி பில் வரும்போதுதான், எழுபது பைசா என்ற கணக்கு எங்கோ இடிக்கிறது என்று தெரியவரும். அதே காரை வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டுப் பார்த்தவர் இன்னொரு எண்ணைச் சொல்வார். இரண்டுக்கும் நடுவில் உண்மை எங்கே இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தை வைத்து நிதானமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

முதலில் பில்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். 2024 ஜூலையில் கட்டணம் திருத்தப்பட்டது. 2025 ஜூலையில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மறுபடி உயர்த்தியபோது, வீடுகளுக்கான உயர்வை மாநில அரசே மானியமாக ஏற்றுக்கொண்டதால் நாம் கட்டும் தொகை மாறவில்லை. இந்தக் கட்டுரையில் உள்ள கணக்கெல்லாம் அந்த விகிதத்தில்தான். உங்கள் கையில் இருக்கும் பில்லில் விகிதம் வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கிடும் முறை மாறாது.

இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள ஸ்லாப்கள் திறக்கின்றன: 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55 ரூபாய். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு, 101 முதல் 200 வரை இருந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும். அந்த 100 யூனிட்டும் 4.70 ரூபாயாகவே கணக்கிடப்படும். 500 யூனிட் ஓடிய வீட்டின் பில் 1,805 ரூபாய். 501 யூனிட் ஓடிய வீட்டின் பில் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. மற்ற எல்லைகள் சாதாரணப் படிகள்தான். 600-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை, அவ்வளவே. 500 மட்டும்தான் பழைய யூனிட்டுகளின் விலையையும் சேர்த்து ஏற்றும் எல்லை.

இப்போது காரைக் கொண்டுவருவோம். பலர் செய்வது என்னவென்றால், மொத்த பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து ஒரு சராசரி விலை எடுத்து, அதைக் காருக்குப் பயன்படுத்துகிறார்கள். அது தவறான விலை. ஃப்ரிட்ஜ், ஃபேன், மோட்டார், ஏசி எல்லாம் கார் வருவதற்கு முன்பே வீட்டில் இருந்தன. இலவச 100 யூனிட்டும் மலிவான ஸ்லாப்களும் அவற்றிலேயே தீர்ந்துவிடும். கார் கடைசியாக வந்து சேர்ந்த ஆள். அது குடிக்கும் யூனிட் எல்லாம் பில்லின் உச்சியில்தான் போய் அமரும். ஆகவே காரின் செலவைத் தெரிந்துகொள்ளச் சரியான வழி, கார் இல்லாமல் பில் எவ்வளவு வந்திருக்கும், காரோடு எவ்வளவு வருகிறது என்று இரண்டு பில் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பதுதான்.

கழிப்பதற்கு முன் இன்னொரு எண்ணையும் சரிசெய்ய வேண்டும். டாஷ்போர்டு காட்டும் "யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர்" என்பது பேட்டரியிலிருந்து வெளியே போன யூனிட்டின் கணக்கு. ஈபி மீட்டர் கணக்கிடுவது சுவரிலிருந்து உள்ளே போன யூனிட்டை. சுவரில் வருவது ஏசி மின்சாரம், பேட்டரி ஏற்பது டிசி. காருக்குள் இருக்கும் சார்ஜர் அதை மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போகிறது. சார்ஜ் ஏறும் நேரம் முழுக்கக் காரின் கம்ப்யூட்டர்களும், சில சமயம் குளிர்விக்கும் பம்பும் ஓடிக்கொண்டிருக்கும். அவையும் கொஞ்சம் தின்னும். எல்லாம் சேர்த்து வீட்டில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை இழப்பு வரும். 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுக்க மெதுவாக ஏற்றினால் இழப்பு கொஞ்சம் கூடும், ஏனென்றால் அந்தத் துணைக் கருவிகள் அத்தனை மணி நேரமும் விழித்திருக்க வேண்டும். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜரில் நேரம் பாதிக்கும் கீழே குறைவதால் இழப்பும் சற்றுக் குறையும். நடுவாக 12 சதவீதம் என்று எடுத்தால், டாஷ்போர்டின் 7 கிலோமீட்டர் ஈபி மீட்டரில் 6.2 கிலோமீட்டர் ஆகிறது.

ஃபாஸ்ட் சார்ஜரில் இந்தக் கதை வேறு. அங்கே ஏசியை டிசியாக மாற்றும் வேலை அந்தப் பெரிய பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. பெரும்பாலான நிலையங்கள் துப்பாக்கி வழியாகக் காருக்குள் போன டிசி யூனிட்டுக்குத்தான் பணம் வாங்குகின்றன. பெட்டிக்குள் ஏற்பட்ட இழப்பு நிலையத்துக்காரர் கணக்கு. காருக்குள் பேட்டரி சூடாவதாலும் குளிர்விப்பதாலும் நான்கைந்து சதவீதம் போகும். ஆகவே அங்கே வாங்கும் ஒரு யூனிட் சுமார் 6.7 கிலோமீட்டர் ஓட்டும். வீட்டு யூனிட்டும் நிலைய யூனிட்டும் பெயரில்தான் ஒன்று. நிலைய யூனிட் எட்டு சதவீதம் அதிகம் ஓடும். விலையை ஒப்பிடும்போது நிலையத்துக்கு இந்தச் சலுகையைக் கொடுப்பதுதான் நியாயம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கார் வருவதற்கு முன் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட், பில் 1,081 ரூபாய். கார் மாதம் 1,000 கிலோமீட்டர், அதாவது ஒரு பில் காலத்தில் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறது. எல்லாச் சார்ஜும் வீட்டிலேயே. 2,000-ஐ 6.2-ஆல் வகுத்தால் 323 யூனிட். வீட்டின் மொத்தம் 703 யூனிட் ஆகிறது. பில் 3,853 ரூபாய். பழைய பில்லைக் கழித்தால் காரின் பங்கு 2,772 ரூபாய். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 39 காசு.

இந்த 2,772 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால் காரின் யூனிட்டுகள் எங்கெங்கே விழுந்தன என்று தெரியும். முதல் 20 யூனிட்டுக்குத்தான் 4.70 ரூபாய் கிடைத்தது. அடுத்த 100 யூனிட் 6.30, அதற்கடுத்த 100 யூனிட் 8.40, மீதி 103 யூனிட் 9.45 ரூபாய். இவற்றோடு, 500-ஐத் தாண்டியதால் பறிபோன சலுகை 235 ரூபாய். அந்தச் சலுகையை இழந்தது வீடுதான், ஆனால் இழக்க வைத்தது கார். அதனால் அதைக் காரின் கணக்கில்தான் எழுத வேண்டும். எல்லாம் சேர்த்தால் காருக்கு ஒரு யூனிட் சராசரியாக 8 ரூபாய் 58 காசு விழுந்திருக்கிறது. ஷோரூம் கணக்கின் ஐந்து ரூபாய் இந்த வீட்டில் வெறும் 20 யூனிட்டுக்குத்தான் பொருந்தியது.

இதே காரை, இதே 2,000 கிலோமீட்டர் ஓட்டும் வேறு இரண்டு வீடுகளைப் பார்க்கலாம். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வீட்டில் இருவர் மட்டும் வசிக்கும் 200 யூனிட் வீட்டில், 323 யூனிட் கார் சேர்ந்ததும் பில் 235 ரூபாயிலிருந்து 2,233 ரூபாய்க்குப் போகிறது. கிலோமீட்டருக்குச் சரியாக 1 ரூபாய். மூன்று ஏசி ஓடும், கோடையில் 780 யூனிட் எடுக்கும் வீட்டில் பில் 4,581 ரூபாயிலிருந்து 8,060 ரூபாய் ஆகிறது. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 74 காசு. ஒரே கார், ஒரே சாலை, ஒரே ஓட்டுநர். வீட்டின் மற்ற கருவிகள்தான் காரின் ஓட்டுச் செலவை முடிவுசெய்கின்றன. "உங்க காருக்கு கிலோமீட்டருக்கு என்ன ஆகுது?" என்று நண்பரிடம் கேட்டு வாங்கும் பதில் அவர் வீட்டுக்குத்தான் உண்மை.

பகலில் போடாதே, இரவில் போட்டால் மலிவு என்று ஓர் அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. இரவுக்கென்று தனி விலை உள்ள நாடுகளில் அது சரி. தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் நள்ளிரவு யூனிட்டுக்கும் நண்பகல் யூனிட்டுக்கும் ஒரே விலைதான். இரவில் போடுவது வசதிக்காக, பணத்துக்காக அல்ல.

இனி வெளியே வருவோம். தமிழ்நாட்டில் தனியார் ஃபாஸ்ட் சார்ஜர்களில் ஒரு யூனிட் பெரும்பாலும் 18 முதல் 25 ரூபாய் வரை. செயலியில் தெரியும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். வீட்டு மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது; சார்ஜிங் என்பது சேவை என்பதால் 18 சதவீத வரி உண்டு. 20 ரூபாய் என்று காட்டும் நிலையத்தில் நீங்கள் கொடுப்பது 23 ரூபாய் 60 காசு. அந்த விலையை 6.7-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 52 காசு. 2,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7,045 ரூபாய். 380 யூனிட் வீட்டின் 2,772 ரூபாயோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு.

இவ்வளவு விலை ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலையத்துக்காரர் மின்வாரியத்துக்குக் கொடுக்கும் யூனிட் விலை இதில் பாதிகூட இருக்காது. ஆனால் 60 கிலோவாட் பெட்டி, அதற்கான டிரான்ஸ்பார்மர், இடத்து வாடகை எல்லாம் லட்சங்களில் ஆகின்றன. ஒரு நாளில் ஐந்தாறு கார் மட்டும் வந்து நிற்கும் பெட்டியில், அந்த முதலீடு முழுவதும் அந்த ஐந்தாறு காரின் யூனிட்டில்தான் ஏற முடியும். மத்திய மின்துறை 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், சூரிய ஒளி நேரமான காலை 9 முதல் மாலை 4 மணி வரை நிலையங்களுக்கு மின்சாரத்தைச் சராசரி விநியோகச் செலவின் 0.7 மடங்குக்கும், மற்ற நேரங்களில் 1.3 மடங்குக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பகல் நேரத்துக்குத் தனி விலை வைக்கும் நிலையம் உங்கள் வழியில் இருக்கிறதா என்று செயலியில் பார்ப்பது வீண் வேலை அல்ல. இரவு, பகல் வித்தியாசம் உண்மையில் பணமாக மாறக்கூடிய இடம் வீடு அல்ல, நிலையம்தான்.

ஸ்லாப் ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வீட்டைவிட வெளியே போடுவது மலிவாகிவிடாதா? இந்தக் கேள்வியைப் பல கார்க்காரர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். மிக உயர்ந்த ஸ்லாபான 11.55 ரூபாயை 6.2-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 86 காசு. காரின் ஒவ்வொரு யூனிட்டும் அந்த உச்ச ஸ்லாபிலேயே விழும் பெரிய வீட்டுக்கும் அதற்கு மேல் ஆகாது. வெளியே அதைவிட மலிவாகக் கிடைக்க வேண்டுமானால், வரி உட்பட யூனிட் பன்னிரண்டரை ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும். 18 ரூபாயிலிருந்து தொடங்கும் நிலையங்களுக்கு இது எட்டாத விலை. அலுவலகத்திலோ வணிக வளாகத்திலோ மெதுவான ஏசி சார்ஜர் இலவசமாகவோ குறைந்த விலையிலோ இருந்தால், உயர் ஸ்லாப் வீட்டுக்காரர் அதை விடக்கூடாது. ஏசி சார்ஜர் என்றால் மட்டும் இழப்புக் கணக்கு வீட்டைப் போன்றதே என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது அந்த 500-இல் இருக்கிறது. 200 யூனிட் வீட்டைத் திரும்பப் பாருங்கள். கார் 323 யூனிட் எடுத்ததால் மொத்தம் 523. கார் 300 யூனிட்டோடு நின்றிருந்தால் பில் 1,805 ரூபாய்தான். கடைசி 23 யூனிட்டுக்கு மட்டும் அந்த வீடு 428 ரூபாய் கொடுத்திருக்கிறது. ஒரு யூனிட் 18 ரூபாய் 60 காசு. வெளிச்சந்தை விலைக்கு வந்துவிட்டோம். தாண்டியது 23-க்குப் பதிலாக 10 யூனிட்டாக இருந்தால் ஒரு யூனிட் 32 ரூபாய். எந்த ஃபாஸ்ட் சார்ஜரையும்விட அதிகம். 23 ரூபாய் 60 காசு நிலையத்தோடு ஒப்பிட்டால் எல்லை 17 யூனிட்டில் வருகிறது. 500-ஐ 17 யூனிட் வரை மட்டுமே தாண்டப்போகும் வீட்டுக்கு, அந்தக் கடைசி யூனிட்டுகளை வெளியே வாங்குவது லாபம். அதற்கு மேல் தாண்டுவது உறுதி என்றால் வீட்டிலேயே தொடரலாம்.

ஆனால் வெளியே போய்ப் பணம் கொடுப்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஏசியையோ ஃப்ரிட்ஜையோ தள்ளிப்போட முடியாது, காரின் சார்ஜைத் தள்ளிப்போடலாம். 45 கிலோவாட் மணி பேட்டரி உள்ள காரில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தால் நகரத்தில் மூன்று நான்கு நாள் தாராளமாக ஓடும். ரீடிங் எடுக்கும் தேதி வீட்டில் தொங்கும் வெள்ளை மீட்டர் அட்டையைப் பார்த்தால் ஓரளவு தெரியும். அதற்கு ஒரு வாரம் முன் மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்து, அட்டையில் கடைசியாக எழுதிய எண்ணைக் கழித்தால் இதுவரை ஓடிய யூனிட் கிடைக்கும். 470, 480 என்று நின்றால், ரீடிங் எடுத்த அன்று இரவு வரை காரைப் பட்டினி போடுங்கள். அடுத்த பில் காலத்தில் அந்த யூனிட்டுகள் கீழ் ஸ்லாபுகளை நிரப்பும். இந்த வித்தை 500-ஐச் சுற்றி இருக்கும் வீடுகளுக்குத்தான். 700 யூனிட் ஓடும் வீட்டில் இப்படிச் செய்து பயனில்லை.

இதுவரை நகர ஓட்டத்தைப் பார்த்தோம். பெரும்பாலோர் ஃபாஸ்ட் சார்ஜரில் நிற்பது நெடுஞ்சாலையில். அங்கே இரண்டு அடி ஒரே நேரத்தில் விழுகிறது. யூனிட் விலை கூடுகிறது. அதே யூனிட் குறைவாகவும் ஓடுகிறது. பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில் கூடுதல் மைலேஜ் கொடுக்கும். மின்சாரக் கார் அதற்கு நேர்மாறு. நகரத்தில் மெதுவாகப் போகும்போது காற்றின் எதிர்ப்பு குறைவு, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது திரும்ப வருவது ஏதுமில்லை. நகரத்தில் 7 காட்டும் டாஷ்போர்டு அங்கே ஐந்தரை காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். இழப்பையும் சேர்த்தால் நிலையத்தில் வாங்கிய யூனிட்டுக்கு 5.3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 23 ரூபாய் 60 காசை வைத்துக் கணக்கிட்டால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 49 காசு. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், நெடுஞ்சாலையில் 17 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் பெட்ரோல் காருக்கு 5 ரூபாய் 94 காசு. நகரத்தில் ஐந்து மடங்கு இருந்த இடைவெளி இங்கே ஒன்றரை ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. நல்ல டீசல் காரோடு ஒப்பிட்டால் இன்னும் குறையும்.

இப்போது நிஜ வாழ்க்கையில் நடப்பதுபோல் இரண்டையும் கலந்து பார்ப்போம். நம் 380 யூனிட் வீட்டின் கார், 2,000 கிலோமீட்டரில் 1,600 நகரத்தில் வீட்டுச் சார்ஜில் ஓடுகிறது. 400 கிலோமீட்டர் ஊருக்குப் போய்வரும் பயணம், ஃபாஸ்ட் சார்ஜரில். வீட்டுச் சார்ஜ் 258 யூனிட், பில் கூடுவது 2,158 ரூபாய். ஊர்ப் பயணத்துக்கு 1,796 ரூபாய். மொத்தம் 3,954 ரூபாய், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 ரூபாய். ஓடிய தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே. செலவில் அது 45 சதவீதம். மாதச் செலவைக் குறைக்க நினைப்பவர் ஸ்லாபைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, ஊருக்குக் கிளம்பும்போது வீட்டிலேயே நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்புவதும், போய்ச் சேரும் வீட்டில் நல்ல எர்த் உள்ள ஒரு 15 ஆம்பியர் பிளக் கிடைக்கிறதா என்று முன்பே கேட்டுவைப்பதும் அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும். சொந்தக்காரர் வீட்டு மீட்டர் எந்த ஸ்லாபில் இருக்கிறது என்று கேட்டு, கிளம்பும்போது அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவதுதான் மரியாதை. 30 யூனிட் ஏற்றினாலே அவருக்கு 200, 300 ரூபாய் ஏறும். அவர் 490-இல் நின்றிருந்தால் அந்த 235 ரூபாயும் சேரும்.

உங்கள் காரின் உண்மையான எண் என்ன என்பதை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு நாள் நூறு சதவீதம் ஏற்றி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து நாள் வழக்கம்போல் ஓட்டுங்கள். மறுபடி நூறு வரும்வரை ஏற்றும்போது, சார்ஜ் தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் ஈபி மீட்டரைப் படியுங்கள். அந்த இரவு ஏசியும் மோட்டாரும் ஓடாமல் பார்த்துக்கொண்டால் வித்தியாசம் ஏறக்குறைய காருடையதுதான். ஓடிய கிலோமீட்டரை அந்த யூனிட்டால் வகுங்கள். சார்ஜர் வழியில் தனியாக ஒரு சிறு மீட்டர் மாட்டிக்கொண்டால் இன்னும் துல்லியம். எலெக்ட்ரீஷியனிடம் சொன்னால் டிபி பெட்டியிலேயே பொருத்திக் கொடுப்பார். டாஷ்போர்டு எண்ணைவிட சுவர் எண் இருபது, இருபத்தைந்து சதவீதம் குறைவாக வந்தால் எங்கோ கோளாறு. பெரும்பாலும் அது நீளமான மெல்லிய வயரிலோ, தளர்ந்த பிளக்கிலோ இருக்கும். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். அங்கே யூனிட் மட்டும் வீணாகவில்லை, பிளக் உருகிக்கொண்டிருக்கிறது. எட்டு மணி நேரம் தொடர்ந்து 15 ஆம்பியர் இழுப்பது அயர்ன் பாக்ஸுக்குப் போட்ட பழைய வயரிங்கின் வேலை அல்ல. மீட்டரிலிருந்து காருக்கென்று தனி வயர், தனி எம்சிபி, நல்ல எர்த் வேண்டும்.

மாடியில் சோலார் போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, கார் வந்தபின் கணக்கு மாறிவிடுகிறது. காரணம் அதே ஸ்லாப்தான். கார் உச்சியில் போய் அமர்கிறது என்றால், சோலார் உச்சியிலிருந்து வெட்டுகிறது. ஒரு கிலோவாட் பேனல் இங்கே நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் கொடுக்கும்; 2 கிலோவாட் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். நம் 380 யூனிட் வீட்டில் கார் இல்லாவிட்டால், அந்தப் பேனல் அதிகபட்சம் மிச்சம் செய்வது பழைய பில் தொகையான 1,081 ரூபாயைத்தான். கார் வந்து 703 யூனிட் ஆனபிறகு, நெட் மீட்டரில் 480 கழிந்து 223 யூனிட் மிஞ்சும். பில் 3,853-லிருந்து 343 ரூபாய்க்கு இறங்கும். மிச்சம் 3,510 ரூபாய். வாரியம் வசூலிக்கும் சோலார் இணைப்புக் கட்டணங்களை இதில் கழிக்க வேண்டும். அதைக் கழித்தாலும், கார் இல்லாத வீட்டில் இழுவையாக இருந்த பேனல், கார் உள்ள வீட்டில் வேகமாகப் போட்ட பணத்தைத் திருப்பித் தரும்.

சொந்த வாசல் இல்லாத அடுக்குமாடிக்காரர்களுக்கு வருவோம், ஏனென்றால் பலரை ஃபாஸ்ட் சார்ஜருக்கே துரத்துவது இந்த இடம்தான். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் எல்லாவற்றையும் வெளியே ஏற்றினால் 42,000 ரூபாய்க்கு மேல் ஆகும்; நம் 380 யூனிட் வீட்டுக்காரருக்கு அதே தூரம் 17,000 ரூபாய்க்குள் முடிகிறது. ஒரே வருடத்து வித்தியாசமான 25,000 ரூபாயில், கீழே உள்ள மீட்டர் அறையிலிருந்து பார்க்கிங் வரை தனி கேபிள் இழுக்கும் செலவு பெரும்பாலும் அடங்கிவிடும். மத்திய வழிகாட்டுதல்படி, வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலிருந்தே சொந்தக் காருக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதாவிட்டால் அதை மட்டும் உயர்த்தக் கேட்க வேண்டியிருக்கும்.

சங்கத்தோடு பேசும்போது கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கேபிள் உங்கள் சொந்த மீட்டரிலிருந்து வருகிறதா, லிப்டும் தண்ணீர் மோட்டாரும் ஓடும் பொது மீட்டரிலிருந்து வருகிறதா? பொது மீட்டருக்கு ஸ்லாப் கிடையாது. யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் அளவில் ஒரே விலை, கூடவே கிலோவாட் கணக்கில் மாத நிலைக்கட்டணம். 200 யூனிட் வீட்டுக்காரருக்குச் சொந்த மீட்டரே மலிவு. காருக்கு அவர் கொடுப்பது சராசரி 6 ரூபாய் 20 காசுக்குள்தான். 780 யூனிட் எடுக்கும் மூன்று ஏசி வீட்டுக்காரரின் கார் சொந்த மீட்டரில் 10 ரூபாய் 77 காசு சராசரியில் குடிக்கிறது. சங்கம் ஒரு சப்மீட்டர் வைத்துப் பொது மீட்டரின் அடக்க விலைக்கே கொடுத்தால், அவருக்கு அதுதான் லாபம். சில சங்கங்கள் அடக்க விலைக்கு மேல் பராமரிப்பு என்று சேர்த்துப் பதினான்கு, பதினைந்து ரூபாய் வைக்கும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ஆகவே எந்த மீட்டர் என்று முடிவுசெய்யும் முன், கோடையில் ஏசி ஓடிய பில் ஒன்றையும் மழைக்காலத்து பில் ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் காரின் யூனிட்டைச் சேர்த்துக் கழித்துப் பாருங்கள்.